இஃப் பக்கத்தில் வில், வுட் வரலாமா? மேனேஜர் அடிக்கிறார், பையர் எழுதுகிறார்

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையர்களுக்கு மெயில் போடுவதுதான் என் பாதி வேலை. போன வாரம் லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு, அனுப்பிவிட்டு இப்படி எழுதினேன்: "இஃப் யூ வில் அப்ரூவ் த லேப் டிப் பை தர்ஸ்டே, வீ வில் ஸ்டார்ட் டையிங் ஆன் ஃப்ரைடே." எங்கள் மேனேஜர் முதல் வில்லை அடித்துவிட்டார். "இஃப் இருக்கிற பக்கத்தில் வில் வரவே கூடாது, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா" என்று கேட்டார். சரி, திருத்தி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பையரிடமிருந்து பதில் வருகிறது. அதில் "வீ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் சென்ட் எ ஃப்ரெஷ் செட்" என்று இருக்கிறது. அன்றைக்கே போனில் பேசும்போது, "இஃப் யூல் ஹோல்ட் ஆன் எ மொமென்ட், ஐல் செக்" என்றார். யூல் என்றால் யூ வில்தானே? ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இஃப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நாளில் இரண்டு தடவை அந்தச் சொல்லைப் போடுகிறார். மேனேஜர் சொன்னது சரியா, பையர் எழுதியது சரியா? இரண்டும் சரி என்றால் நான் எழுதியது ஏன் தப்பு?

---

கரும்பலகை எழுதியது:

தம்பி, 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். உங்கள் மேனேஜர் சொன்னதுதான் விதி. "இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்." இதில் மழை நாளைக்குத்தான் பெய்யப் போகிறது, இருந்தாலும் இஃப் பக்கத்தில் ரெய்ன்ஸ் என்றுதான் வரும். வில் எல்லாம் அடுத்த பக்கத்தோடு சரி.

நம் பிள்ளைகள் இந்தத் தப்பை ஏன் செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். தமிழில் "மழை பெய்தால்" என்கிறோம், "மழை பெய்யுமானால்" என்றும் எழுதுகிறோம். "நீங்கள் உதவுவீர்களானால்" என்று கடிதத்தில் எழுதாதவர் உண்டா? பெய்யும், உதவுவீர்கள் இரண்டும் எதிர்காலம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது வில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனையோ நோட்டில் சிவப்பு மையால் இதை அடித்திருக்கிறேன்.

உங்கள் பையர் எழுதியது பேச்சு வழக்கு. பேச்சில் எல்லோரும் இலக்கணத்தைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பதுதான். அதைப் பார்த்து நாம் எழுத வேண்டாம்.

---

மெய்ப்புக்காரி எழுதியது:

கரும்பலகை சார் மழையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தமிழின் "-ஆனால்" பற்றிச் சொன்னதும் அருமையான கவனிப்பு. ஆனால் பையர் எழுதியதை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ள முடியாது. அது தொழில் கடிதங்களில் நெடுங்காலமாக இருக்கும் நல்ல ஆங்கிலம். நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்க்கிறவள், இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுவதைத் தினமும் பார்க்கிறேன்.

வில் என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எதிர்காலம் காட்டுவது. மற்றொன்று அதைவிடப் பழையது, விருப்பத்தைக் காட்டுவது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல் "வில்லன்", சினிமா வில்லன் இல்லை. விரும்புதல், வேண்டுதல் என்பதுதான் அதன் பொருள். எதிர்காலம் காட்டும் வேலை பிறகு வந்து சேர்ந்தது. நாம் உயில் எழுதுகிறோமே, அந்த உயில் வேறெதுவும் இல்லை, இந்த வில்தான். ஒருவர் தன் சொத்து யாருக்குப் போகவேண்டும் என்று விரும்புகிறாரோ அதை எழுதி வைப்பது.

இஃப் பக்கத்துக்குள் வராமல் நிற்பது எதிர்கால வில். விருப்பத்தைக் காட்டும் வில்லுக்கு அங்கே தடையே இல்லை. "இஃப் யூல் ஹோல்ட் ஆன் எ மொமென்ட்" என்றால் "நீங்கள் காத்திருக்கப் போகிறீர்கள் என்றால்" என்று பொருள் இல்லை. "நீங்கள் மனசு வைத்து ஒரு நிமிடம் இருந்தால்" என்று பொருள். நாம் "மனசு வைத்தால்" என்று சொல்கிறோமே, அதே இடத்தில்தான் இந்த வில் உட்கார்ந்திருக்கிறது. எதிராளியின் சம்மதத்தைக் கேட்பதால் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

வுட் என்பது அந்த வில்லையே இன்னும் ஓர் அடி தள்ளி வைப்பது. தள்ளி வைக்க வைக்க, "முடியாது" என்று சொல்ல அவருக்கு இடம் கூடுகிறது. அதனால் மரியாதையும் கூடுகிறது. "அனுப்பினால்" என்பதற்கும் "அனுப்பி வைத்தீர்கள் என்றால் நன்றாக இருக்கும்" என்பதற்கும் உள்ள தூரம் மாதிரி.

நூல்கண்டு தம்பிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இஃப் பக்கத்தைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நடுவில் "மனசு வைத்து" சேருமா? சேர்ந்தால் வில் வரலாம். "மழை மனசு வைத்துப் பெய்தால்" என்று யாரும் வானிலை அறிக்கை வாசிப்பதில்லை. அதனால் "இஃப் இட் வில் ரெய்ன்" தப்பு.

---

மழைக்காலம் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குப் பயமே வந்துவிட்டது. நான் ஆபீஸில் "ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம் டுமாரோ" என்று தினமும் சொல்கிறேன். நாளைக்கு அவர் வருவது அவர் இஷ்டம்தானே, அதனால்தான் வில் வருகிறதா? அல்லது இவ்வளவு நாளும் தப்பாகப் பேசினேனா?

---

மெய்ப்புக்காரி எழுதியது:

தப்பே இல்லை, தைரியமாகப் பேசுங்கள். ஆனால் காரணம் வேறு. உங்கள் வாக்கியத்தில் இருக்கும் இஃப் நிபந்தனை சொல்லவில்லை. தமிழில் அதை "நாளைக்கு வந்தால்" என்று சொல்ல மாட்டீர்கள், "நாளைக்கு வருவாரா என்று தெரியவில்லை" என்பீர்கள். "ஆ என்று" வரும் இடத்தில் எதிர்கால வில் தாராளமாக வரும். மழைக்கும் அப்படித்தான், "ஐ டோன்ட் நோ இஃப் இட் வில் ரெய்ன்" சரியான வாக்கியம். நூல்கண்டு கேட்டது "ஆல்" வரும் இஃப்பைப் பற்றி.

---

வடலி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிறேன். இந்த வில்லும் வுட்டும் எனக்கு இங்கே தினசரிச் சாப்பாடு மாதிரி.

இரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் "இஃப் யூ வுட் ஜஸ்ட் ரோல் அப் யுவர் ஸ்லீவ் ஃபார் மீ" என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுவோம். அடுத்த பாதி கிடையாது. வந்த புதிதில், சொன்னவர் வாக்கியத்தை முடிக்கவில்லை, மிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மிச்சம் வராது. நோயாளி சட்டைக் கையை மடித்துவிடுவார். நாங்கள் ஊரில் "இந்தக் கதிரையில் கொஞ்சம் இருந்தீங்கள் எண்டால்..." என்று இழுத்து விடுவோமே, அதேதான்.

ஆனால் ஒரு தரம் எனக்குப் பெரிய அவமானம் நடந்தது. மருந்து அறைக் கதவை நான் இரண்டு நாள் பூட்டாமல் விட்டுவிட்டேன். மூத்த தாதி எல்லோருக்கும் முன்னால் "இஃப் யூ வில் லீவ் த டோர் ஓப்பன், திங்ஸ் வில் கோ மிஸ்ஸிங்" என்றார். நான் வில்லைக் கேட்டதும் மரியாதையாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். கதவைத் திறந்து விடச் சொல்கிறார் என்று விளங்கி, போய்த் திறந்தே வைத்தேன். அவர் முகம் சிவந்துபோனது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அது மரியாதை இல்லை, கோபம் என்று பிறகுதான் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் விளங்கப்படுத்தினார். இதை எப்படிப் பிரித்தறிவது என்று மெய்ப்புக்காரி அக்கா சொன்னால் நல்லது.

---

மெய்ப்புக்காரி எழுதியது:

வடலி, நீங்கள் சொன்ன அந்த வாக்கியம் இந்த விஷயத்திலேயே ஆபத்தானது. அதுவும் விருப்ப வில்தான், ஆனால் பிடிவாதமாகக் கனத்துப்போன விருப்பம். "கதவைத் திறந்துதான் போடுவேன் என்று நீ நின்றால் பொருள் காணாமல்தான் போகும்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

காதில் பிரித்துக்கொள்ள நல்ல அடையாளம் இருக்கிறது. மரியாதை வில்லில் அழுத்தம் இருக்காது. பெரும்பாலும் சுருங்கி யூல் என்று யூவோடு கரைந்துவிடும். கோப வில் சுருங்கவே சுருங்காது, முழு வில்லாக, தொண்டையில் அழுத்தி வரும். இன்னொன்று, பேசுகிறவருக்கு வேண்டிய காரியமா என்று பாருங்கள். காத்திருப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவருக்கு வேண்டியவை, அதனால் அது வேண்டுகோள். கதவைத் திறந்து போடுவது அவருக்கு வேண்டாதது. வேண்டாததைச் சொல்லி வில் போட்டால் அது திட்டு.

அதனால்தான் எழுத்தில் எச்சரிக்கை தேவை. மெயிலில் குரல் கேட்காது. "இஃப் யூ வில் சேஞ்ச் த கலர் ஆஃப்டர் அப்ரூவல், த டெலிவரி வில் பீ லேட்" என்று பையருக்கு எழுதினால், "நீ பாட்டுக்கு நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்" என்று அவர் காதில் விழ வாய்ப்பு உண்டு. அங்கே வெறும் "இஃப் யூ சேஞ்ச்" போதும்.

---

நூல்கண்டு எழுதியது:

ஐயோ, இந்த நிறம் மாற்றும் வாக்கியத்தை நான் உண்மையிலேயே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்! பதில் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது, காரணம் புரியாமலேயே இருந்தேன்.

அக்கா, என் பழைய வாக்கியத்துக்கு வருகிறேன். லேப் டிப்பை அப்ரூவ் செய்வது பையர் விருப்பம்தானே? மனசு வைத்தால் என்று சேர்த்துப் பார்த்தேன், சேருகிறது. அப்படியானால் நான் எழுதியது சரி, மேனேஜர் அடித்தது தப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மெய்ப்புக்காரி எழுதியது:

அவசரப்படாதீர்கள். இலக்கணப்படி உங்கள் வாக்கியம் நிற்கும், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவா என்பதுதான் கேள்வி.

லேப் டிப் என்பது என்ன? அவர் கேட்ட நிறத்துக்குத் துணித்துண்டில் சாயம் ஏற்றி, ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயலில் அனுப்புகிறீர்கள். அவர் வெளிச்சத்தில் வைத்துத் தன் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சேர்ந்தால் ஒப்புக்கொள்வார், சேராவிட்டால் திருப்புவார். அங்கே மனசு வைக்க ஒன்றுமில்லை, நிறம் சேரவேண்டும். அவ்வளவுதான். அந்த இடத்தில் வில் போட்டால் "தயவு பண்ணி பாஸ் போட்டுவிடுங்கள்" என்ற வாடை வருகிறது. நீங்கள் சொல்ல வந்தது வியாழக்கிழமைக்குள் ஒப்புதல் வந்தால் வெள்ளிக்கிழமை சாயப்பட்டறைக்குப் போகும் என்ற கால அட்டவணை. அதற்கு "இஃப் யூ அப்ரூவ்" சுத்தமாக இருக்கிறது. உங்கள் மேனேஜர் சொன்ன காரணம் பாதி, திருத்தியது நல்ல திருத்தம்.

அதே மெயிலில் "எந்தச் சாயல் என்று கொஞ்சம் தெரியப்படுத்தினால்" என்று கேட்க நினைத்தால், "இஃப் யூ வுட் லெட் அஸ் நோ விச் ஷேட் யூ ப்ரிஃபர்" என்று எழுதுங்கள். தெரியப்படுத்துவது அவர் கையில் உள்ள சின்ன உதவி. வுட் அங்கே பொருந்தி உட்காரும்.

"இஃப் யூ வில் ரிசீவ் த பார்சல் டுமாரோ" என்று மட்டும் ஒருநாளும் எழுதாதீர்கள். பார்சல் கையில் கிடைப்பது கூரியர்காரர் வேலை. கிடைப்பது, தெரிந்திருப்பது, மறந்துபோவது எல்லாம் ஒருவர் மனசு வைத்துச் செய்கிற காரியம் இல்லை. ஆள் இருந்தாலும் வினைச்சொல்லில் விருப்பம் இல்லை என்றால் வில் போகாது.

---

வண்டிச்சாவி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் கார் கையேட்டில் "இஃப் த எஞ்சின் வில் நாட் ஸ்டார்ட்" என்றே போட்டிருக்கிறது. எஞ்சினுக்கு ஏது மனசு? அக்கா சொன்ன சோதனைப்படி இது தப்பாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் அச்சடித்த புத்தகம்.

---

மெய்ப்புக்காரி எழுதியது:

இதைக் கேட்டதற்கு நன்றி, நானே சொல்ல மறந்துவிட்டேன். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்பீர்கள். "மாட்டேன் என்கிறது" என்று வண்டியையே பேச வைக்கிறோம். ஆங்கிலத்திலும் அதே கதை. நாம் எவ்வளவு முயன்றாலும் அது இணங்கவில்லை என்பதை மறுப்பாகச் சொல்கிறார்கள். கதவு, மூடி, பூட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதற்கும் மரியாதைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அதே விருப்ப வில்லின் மறுபக்கம்.

---

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் ஒப்புக்கொள்கிறேன். பேச்சு வழக்கு என்று நான் ஒதுக்கியது சரியில்லை. வணிகக் கடிதம் எழுதப் பயிற்சி கொடுத்தபோது "ஐ ஷல் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ வில்" என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதை ஒரு மரபுத்தொடர் என்று மனப்பாடம் செய்ய வைத்தேனே தவிர, இஃப் பாடத்தோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

ஆனாலும் வகுப்பறைக்கு ஒரு வார்த்தை. தேர்வில் "இஃப் யூ ____ ஃபாஸ்ட், யூ வில் கேட்ச் த பஸ்" என்று கோடிட்ட இடம் வந்தால் ரன் என்றுதான் நிரப்ப வேண்டும். அங்கே போய் வில் ரன் என்று எழுதிவிட்டு மனசு வைத்தால் என்று வாதாட முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் கட்டான விதி, பிறகு இந்த நுணுக்கம். இந்த வரிசையை நான் மாற்ற மாட்டேன்.

அப்புறம், "இஃப் இட் வில் ஹெல்ப் யூ, ஐ வில் கம்" என்று பழைய மாணவன் ஒருவன் எழுதியதை அடித்தது நினைவுக்கு வருகிறது. உதவி என்ற வார்த்தை இருப்பதால் அதுவும் மரியாதைக் கணக்கில் சேருமா?

---

மெய்ப்புக்காரி எழுதியது:

சார், அந்த வாக்கியம் சரியானதுதான், ஆனால் மரியாதைக் கணக்கு இல்லை. எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். மழை வாக்கியத்தில் முதலில் மழை, பிறகு வீட்டில் இருப்பது. இதில் முதலில் அவன் வருகிறான், அதன் பலனாகத்தான் உதவி கிடைக்கிறது. இஃப் பக்கத்தில் இருப்பது பலன். "நான் வருவது உனக்கு உதவியாக இருக்கும் என்றால் வருகிறேன்." பலன் பின்னால் வருவதால் அங்கே எதிர்கால வில்லே உள்ளே வருகிறது. தமிழிலும் "உதவியாக இருக்கும் என்றால்" என்று எதிர்காலம் வந்து நிற்பதைப் பாருங்கள்.

வகுப்பறை வரிசை பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. "வரவே கூடாது" என்று பதிந்துவிட்டால் பிறகு பிடுங்குவது கஷ்டம். "எதிர்கால வில் வராது" என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த ஒரு சொல் ஐம்பது கேள்விகளைக் கொண்டுவரும் அம்மா. அதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

---

வடலி எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நம் ஆட்கள் "இஃப் யூ வோன்ட் மைண்ட்" என்று சொல்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் "இஃப் யூ டோன்ட் மைண்ட்", இல்லையென்றால் "இஃப் யூ வுட்ன்ட் மைண்ட்" என்கிறார்கள். வோன்ட் மட்டும் காதில் விழவே இல்லை. வுட்ன்ட் வரும்போது வோன்ட் ஏன் வராது? அதேபோல "இஃப் யூ வுட் பீ ஏபிள் டு கம் அர்லியர்" என்று எங்கள் வார்டு மெயில்களில் வருகிறது. அது சரியா?

---

மெய்ப்புக்காரி எழுதியது:

மைண்ட் என்பது இங்கே ஆட்சேபித்தல். வோன்ட் போட்டால் "நீங்கள் ஆட்சேபிக்க மாட்டேன் என்று மனசு வைத்தால்" என்று சுற்றி வளைந்து போகிறது. ஆட்சேபம் ஒருவருக்குத் தோன்றும், அல்லது தோன்றாது. அவர் கூட்டியோ குறைத்தோ செய்கிற காரியம் இல்லை. வுட்ன்ட் மைண்டில் இருக்கும் வுட் விருப்பத்தைக் காட்டவில்லை, "ஒருவேளை கேட்டால்" என்ற கற்பனைத் தூரத்தைத்தான் காட்டுகிறது. அதனால் அது இயல்பாக ஒலிக்கிறது.

வுட் பீ ஏபிள் டு பற்றி எனக்கே இரண்டு மனம். இயலுமா என்பது விருப்பம் இல்லை, ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் "இஃப் யூ வேர் ஏபிள் டு" அல்லது "இஃப் யூ குட்" போதும். நான் மெய்ப்புப் பார்க்கும்போது குட் என்று மாற்றிவிடுவேன். ஆனால் நன்றாக எழுதக்கூடியவர்களே மரியாதைக்காக அப்படி எழுதுவதைப் பார்க்கிறேன், அதனால் அதைத் தப்பு என்று அடிக்க எனக்குத் துணிவில்லை.

---

வடலி எழுதியது:

எங்கள் மேற்பார்வையாளர் அப்படித்தான் எழுதுகிறார், அவர் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். நான் அதைச் சரியென்றே வைத்துக்கொள்கிறேன் அக்கா.

---

நூல்கண்டு எழுதியது:

இன்று காலை புது செட் அனுப்பிவிட்டுப் போட்ட மெயிலில் இப்படி எழுதினேன்: "இஃப் யூ வுட் லெட் அஸ் நோ யுவர் சாய்ஸ் ஆஃப் ஷேட், வீ வுட் பீ கிரேட்ஃபுல். இஃப் யூ அப்ரூவ் இட் பை டியூஸ்டே, வீ வில் ஸ்டார்ட் டையிங் ஆன் வென்ஸ்டே." மேனேஜர் முதல் வரியில் பேனாவை வைத்தார். அவரிடம் பையரின் பழைய மெயிலைக் காட்டி, மனசு வைத்தால் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துவிட்டு, "அப்ப ரெண்டாவது வரியில ஏன் நீ வுட் போடலை?" என்று கேட்டார்.

லேப் டிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "நிறம் சேர்ந்தால்தானே சார்" என்றேன். மெயில் போய்விட்டது. பி சாயலுக்கு ஒப்புதல் வந்திருக்கிறது.